பேட்டரி புதுசு, கணக்கு பழசு

டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் பேட்டரி தெரியும். மைனஸ் டெர்மினலைப் பத்து எம்எம் ஸ்பேனரால் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றி, பிடிப்புக் கிளாம்பை எடுத்து, கேஸ் வெளியேறும் சின்னக் குழாயைப் பிடுங்கிவிட்டுப் பழையதை வெளியே எடுக்க வேண்டும். புதியதை உட்கார வைத்து அதே வரிசையைத் தலைகீழாகச் செய்தால் முடிந்தது. கை பழகிய மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை. சாவியைத் திருப்பினால் என்ஜின் கணீரென்று பிடித்துக்கொள்ளும். காருக்குச் சொந்தக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். அந்தக் கணத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சிக்கல் சில மாதங்கள் கழித்து வரும். சிக்னலில் நின்றால் தானாக அணைய வேண்டிய என்ஜின் அணையாது. என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டால் சில நிமிடங்களில் ஆடியோ தானே ஓய்ந்துவிடும். ஒருநாள் காலையில் திரையில் Increased battery discharge என்று ஓர் எச்சரிக்கை வரும். சொந்தக்காரர் கடைக்குப் போய், "அண்ணே, புது பேட்டரிதானே போட்டுக் கொடுத்தீங்க?" என்று கேட்பார். கடைக்காரர் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். சார்ஜ் குறைந்திருக்கிறது என்று காட்டும். இரவு முழுக்க சார்ஜரில் போட்டு மறுநாள் சோதித்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று காட்டும். வாரண்டியில் மாற்றித் தர அவரிடம் காரணம் இல்லை. கார் வீட்டுக்குத் திரும்பும். இரண்டு மாதத்தில் அதே எச்சரிக்கை மறுபடியும் வரும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பேட்டரியிலும் கோளாறு இல்லை, ஆல்டர்னேட்டரும் பழுதாகவில்லை. பேட்டரி மாறிய செய்தி காரின் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்பதுதான் பிரச்சினை. அதைச் சொல்லும் வேலைக்கு ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். பிஎம்டபிள்யூ, மினி, ஆடி, ஃபோர்டு, லேண்ட் ரோவர் என்று பல நிறுவனங்களின் கார்களில் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு. பிஎம்டபிள்யூவில் இது மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கே பூட்டப்பட்டு வெளிவந்த 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்கள் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, கம்பெனி ஷோரூமைத் தாண்டிய சாதாரண ஒர்க்‌ஷாப்புகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ரெஜிஸ்ட்ரேஷன் விட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான்.

பழைய கார்களில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அவற்றின் ஆல்டர்னேட்டர் ஒரே ஒரு விதிப்படி இயங்கியது. என்ஜின் ஓடும்வரை சுமார் 14.2 வோல்ட்டைத் தந்துகொண்டே இரு என்பதுதான் அந்த விதி. பேட்டரி காலியாக இருந்தால் நிறைய மின்சாரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். நிறைய நிறைய, இழுப்பது தானே குறையும். எந்த பேட்டரி, எத்தனை வயது, எவ்வளவு கொள்ளளவு என்று ஆல்டர்னேட்டருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. கணக்கு எதுவும் இல்லாததால் கணக்கு தவறவும் வழியில்லை.

எரிபொருளை மிச்சப்படுத்தும் முயற்சிதான் இதை மாற்றியது. ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றுவதில்லை. 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொடுத்தால் அது 1,400 வாட். இடையில் வீணாவதையும் சேர்த்தால், என்ஜினிடமிருந்து கிட்டத்தட்ட மூன்று குதிரைத்திறனை அது பிடுங்கிக்கொள்கிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது அந்தச் சுமையைக் கழற்றிவிட்டு, காலை எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் பேட்டரியை நிரப்பினால் என்ன? வீணாகப் போகும் வேகம் இலவச மின்சாரமாகிவிடும். பிஎம்டபிள்யூ இதை எஃபிஷியன்ட் டைனமிக்ஸ் என்ற பெயரில் 2007 வாக்கில் தன் கார்களில் பரவலாகக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன.

ஆனால் நிறைந்த பேட்டரியில் மேலும் நிரப்ப இடம் இருக்காது. பிரேக் போடும்போது கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள எப்போதும் கொஞ்சம் காலியிடம் வேண்டும். அதனால் இந்தக் கார்கள் பேட்டரியை வேண்டுமென்றே முழுதாக நிரப்பாமல், ஏறக்குறைய எண்பது சதவீதத்தில் வைத்திருக்கப் பார்க்கின்றன. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. போதும் என்று கம்ப்யூட்டர் முடிவுசெய்தால் வோல்டேஜ் 13-க்குக் கீழேகூடப் போகும். அந்த நிலையில் பேட்டரிக்குள் புதிதாக ஒன்றும் ஏறாது. போதுமா, போதாதா என்ற முடிவு இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரின் கையில். பேட்டரி தானே இழுத்துக்கொள்ளும் பழைய உரிமை போய்விட்டது.

அந்த முடிவுக்குத் தேவையான தகவலைத் தருவது மைனஸ் டெர்மினலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சென்சார். மெக்கானிக்குகள் இதை ஐபிஎஸ் என்பார்கள். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் ஒவ்வொரு துளி மின்சாரமும் இதைக் கடந்துதான் போக வேண்டும். மின்னோட்டம், வோல்டேஜ், வெப்பநிலை ஆகிய மூன்றையும் அளந்து என்ஜின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதைப் பாஸ்புக்கைப் போல வரவு, செலவு, இருப்பு என்று எழுதிவைக்கிறது. கார் பல மணி நேரம் பூட்டிக் கிடந்தால், ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்து இருப்பைச் சரிபார்த்துக்கொள்கிறது. வருடக்கணக்காகச் சேரும் இந்தப் பதிவுகளிலிருந்துதான் பேட்டரி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்றும் அது கணிக்கிறது. 90 ஆம்பியர்-மணி என்று லேபிள் சொன்னாலும், ஏழு வருடம் உழைத்த பேட்டரியில் அவ்வளவு பிடிக்காது என்று அதற்குத் தெரியும்.

இப்படித் தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான், பேட்டரி மாறும் நாள் வரை.

2014-இல் வந்த ஒரு 320டி காரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு புரிவதற்காக எண்களை எளிமையாக்கியிருக்கிறது. உண்மையான நிரல் இன்னும் பல விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கும். பழைய பேட்டரி 90 ஆம்பியர்-மணி ஏஜிஎம் வகை. வயதாகி அதன் கொள்ளளவு 55-க்கு இறங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டர் கணித்திருக்கிறது. இப்போது அதே 90 ஆம்பியர்-மணியில் புதியதைப் போட்டாயிற்று, ரெஜிஸ்டர் செய்யவில்லை. உண்மையில் உட்கார்ந்திருப்பது 90, கம்ப்யூட்டரின் மனதில் இருப்பது 55.

தொடக்கத்தில் பேட்டரி எண்பது சதவீதத்தில் இருக்கிறது, அதாவது 72 ஆம்பியர்-மணி. ஊர் வேலை, குறுகிய பயணம், ஏசி, பூட்டியிருக்கும்போது விழித்திருக்கும் அலாரம் என்று 18 செலவாகிறது. மிச்சம் 54. காலையில் ஓய்வு வோல்டேஜைப் பார்த்த கம்ப்யூட்டர் அறுபது சதவீதம் என்று சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறது. எண்பதுக்கு இருபது சதவீதம் குறைகிறது. இருபது சதவீதம் என்றால் எத்தனை ஆம்பியர்-மணி? இங்கேதான் சறுக்கல். 90-இல் இருபது சதவீதம் 18. 55-இல் இருபது சதவீதம் 11. கம்ப்யூட்டர் 11-ஐ நிரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை இறக்கிவிடுகிறது. பேட்டரி 65-இல் நிற்கிறது. ஏழு பாக்கி.

கார் நீண்ட நேரம் ஓய்ந்திருந்தால் மறுநாள் இந்தப் பாக்கி வோல்டேஜில் தெரியும், கொஞ்சம் ஈடுகட்டப்படும். ஆனால் அதற்குள் அன்றைய செலவும் சேர்ந்துவிடும். குறைந்ததில் ஐந்தில் மூன்று பங்கைத்தான் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுக்கிறது என்றால், தினமும் ஓடும் கார் நினைத்த எண்பது சதவீதத்தைத் தொடவே தொடாது. நாளடைவில் எழுபதுக்குக் கீழேயே ஊசலாடிக்கொண்டிருக்கும். மதுரைக்கும் சென்னைக்கும் அடிக்கடி போய்வரும் காரில் இது அவ்வளவாகத் தெரியாது. அடையாறிலிருந்து தி. நகர் வரை மட்டும் ஓடும் காரில்தான் சீக்கிரம் வெளிப்படும்.

காலம் போகப்போக கம்ப்யூட்டர் தானே திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். சில நிறுவனங்களின் கார்களில் ஓரளவு திருத்திக்கொள்ளும். ஆனால் பேட்டரி என்பது நாளாக நாளாகத் தளரும் பொருள் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்த நிரல்கள் எழுதப்படுகின்றன. ஏழு வயதான பேட்டரி ஒரே இரவில் இளமையாகும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அது கற்றுக்கொள்ளும் வரை பேட்டரியின் வேதியியல் காத்திருப்பதும் இல்லை.

ஈய-அமில பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்து போய்விடும். பாதி நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் அந்தப் படிவு சின்னச் சின்னத் துகளாக இல்லாமல் பெரிய, கடினமான படிகங்களாக இறுகுகிறது. இறுகியதைச் சாதாரண சார்ஜிங் கரைக்காது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு உதவாமல் போகும், கொள்ளளவு நிஜமாகவே குறையும். கொடுமை என்னவென்றால், 55 என்று கம்ப்யூட்டர் பிழையாக நம்பிய எண்ணை நோக்கிப் புது பேட்டரி மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும். நம் ஊர் வெயில் இதற்கு இன்னொரு பக்கம் உதவுகிறது. பேட்டரி சூடாக இருந்தால் சார்ஜிங் வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது பாதுகாப்பு விதி. கட்டணப் பார்க்கிங்கில் பகல் முழுக்க வெயிலில் நின்ற கார், மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வீடு சேர்ந்தால், நிரம்பக் கிடைக்கும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு.

ரெஜிஸ்ட்ரேஷன் செய்யும்போது என்ன நடக்கிறது? ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பேட்டரி மாற்றத்தைப் பதியும் பகுதிக்குப் போய் உறுதிசெய்ய வேண்டும். சில நிமிட வேலை. பிஎம்டபிள்யூவில் அந்த ஒரு கட்டளை, சேர்த்துவைத்த மின்னோட்ட, வோல்டேஜ், வெப்பநிலைப் பதிவுகளை அழித்துவிடுகிறது. பேட்டரியின் நிலையை எண்பது சதவீதம் என்று வைக்கிறது. அன்றைய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்கிறது. எண்பது என்ற எண் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. கடை அலமாரியில் சில மாதம் இருந்த புது பேட்டரி ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கும்.

இதே வகை, இதே கொள்ளளவு என்றால் இது போதும். 80-க்குப் பதில் 90 ஆம்பியர்-மணி போட்டாலோ, சாதாரண பேட்டரிக்குப் பதில் ஏஜிஎம் போட்டாலோ அதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது. காரின் அமைப்பில் எழுதப்பட்டிருக்கும் பேட்டரி விவரத்தையே மாற்றி எழுத வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் இதைக் கோடிங் என்பார்கள். இதை விட்டால் கெடுதல் வேறு திசையிலும் வரலாம். ஏஜிஎம்முக்கென்று வைத்த உயர்ந்த வோல்டேஜ் சாதாரண பேட்டரிக்குப் போனால் அதிலுள்ள தண்ணீர் வற்றும். ரெஜிஸ்டர் செய்யாவிட்டால் புது பேட்டரி அதிக சார்ஜில் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இந்த வகைக் கேஸ்களைப் பார்த்துத்தான். ஒரே வகையில் மாற்றிய பேட்டரி அரைவயிற்றோடு கிடப்பதற்கும் இதற்கும் காரணம் வேறு வேறு.

ஆடி கார்கள் பலவற்றில் இன்னும் கறார். புது பேட்டரியின் தயாரிப்பாளர் குறியீடு, கொள்ளளவு, வரிசை எண் ஆகியவற்றை ஸ்கேனரில் தட்டச்சு செய்ய வேண்டும். ஃபோர்டு இதற்கு நேர் எதிர். எஃப்-150 பிக்கப்பில் ஸ்கேனரே வேண்டாம்: இக்னிஷனை ஆன் செய்து ஹைபீமை ஐந்து முறை மின்ன வைத்து, பிரேக்கை மூன்று முறை மிதித்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மூன்று முறை மின்னி, ரீசெட் ஆனதைச் சொல்லும்.

ஒயரை ஒரு மணி நேரம் கழற்றிவைத்தால் எல்லாம் தானே ரீசெட் ஆகிவிடும் என்ற நம்பிக்கை கடைகளில் பலமாக இருக்கிறது. கடிகாரமும் ஜன்னல் கண்ணாடியின் நினைவும் அழியலாம். பேட்டரிப் பதிவு அழியாது. மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தில் அது இருக்கிறது. மாற்றும்போது பேட்டரியைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? கழற்றினால் அழிந்துவிடும் என்றால் ரெஜிஸ்ட்ரேஷன் என்ற வேலையே தேவைப்பட்டிருக்காது.

தன் காருக்கு இது தேவையா என்று தெரிந்துகொள்ள மைனஸ் டெர்மினலைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கிளாம்போடு சேர்ந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து மெல்லிய ஒயரும் போனால் அது சென்சார். அப்படி இருந்தால் மாற்றுவதற்கு முன்பே கடையில் ரெஜிஸ்டர் செய்ய ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். ஒன்றும் இல்லாமல் வெறும் கிளாம்பும் தடித்த கேபிளும் மட்டும் இருக்கும் பழைய சின்னக் கார்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

சென்சார் இருக்கும் காரில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. டேஷ்கேம், கூடுதல் ஆம்ப்ளிஃபயர் மாட்டுபவர்கள் அவற்றின் எர்த் ஒயரை நேரே பேட்டரியின் மைனஸ் முனையில் முறுக்கிவிடுகிறார்கள். அது செலவழிக்கும் மின்சாரம் சென்சாரைக் கடக்காமலே போய்விடும், கணக்கில் ஏறாது. சார்ஜர் மாட்டும்போதும் இதே கதை. மைனஸ் கிளிப்பை பேட்டரி முனையில் கவ்வாமல், கார் உடலில் அதற்கென்று உள்ள எர்த் முனையில் கவ்வ வேண்டும். பிஎம்டபிள்யூவில் பானெட்டுக்குக் கீழே பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் தனித்தனி முனைகள் வைத்திருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

சந்தேகம் வந்தால் முதலில் மல்டிமீட்டரை எடுக்கலாம். காரைப் பூட்டி இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளக்க வேண்டும். டிக்கியைத் திறந்ததும் கார் விழித்துக்கொள்ளும் என்பதால், அது மறுபடி உறங்கும் வரை கொஞ்சம் பொறுத்து அளப்பது நல்லது. நிறைந்த ஏஜிஎம் பேட்டரி 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். எண்பது சதவீதத்தில் இருப்பது 12.6-ஐ ஒட்டி இருக்கும். மாற்றிச் சில மாதமே ஆன பேட்டரி நாளுக்கு நாள் 12.4-ஐத் தாண்டாமல் நின்றால் ஒன்று எங்கோ மின்சாரம் கசிகிறது, அல்லது ஏறுவதே போதவில்லை. கசிவு இருந்தால் மீட்டரை ஆம்பியரில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கசிவு இல்லை என்றால் ஸ்கேனரைச் சொருக வேண்டிய நேரம்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியது பேட்டரி எந்தெந்தக் கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்ற பட்டியல். கடைசிச் சில மாற்றங்களை பிஎம்டபிள்யூவின் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவருக்கு இது ரொம்ப உதவும். 78,000 கிலோமீட்டரில் பேட்டரி மாற்றியதாக பில் இருந்து, பட்டியலில் ஒன்றுமே இல்லை என்றால், பேட்டரி மாறியும் ரெஜிஸ்டர் ஆகவில்லை என்று அர்த்தம். அந்த பேட்டரி எத்தனை காலம் அரைகுறைச் சார்ஜில் ஓடியிருக்கிறது என்பதையும் பில் தேதியிலிருந்து கணக்கிட்டு, விலை பேசும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

தாமதமாகப் பதிவதிலும் தவறில்லை, ஆனால் வரிசை முக்கியம். பல மாதம் அறுபது சதவீதத்தில் கிடந்த பேட்டரியை அப்படியே ரெஜிஸ்டர் செய்தால், இருப்பு எண்பது என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும்; பழைய பிழை போய்ப் புதிய பிழை வரும். ஏஜிஎம் வசதியுள்ள சார்ஜரை பானெட்டுக்குக் கீழே உள்ள முனைகளில் மாட்டி, இரவு முழுக்க நிரப்பிவிட்டு, அதற்குப் பிறகு ரெஜிஸ்டர் செய்ய வேண்டும். முடிந்ததும் காரைப் பூட்டி ஓர் இரவு தொடாமல் விட்டால், சென்சார் ஓய்வு வோல்டேஜைப் பார்த்துப் புதுக் கணக்கைச் சரியான இருப்போடு தொடங்கிவிடும்.